கேள்வியைத் தொலைத்த பேட்டி

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நான் கேமரா, என் மனைவி எடிட்டிங். படம் நன்றாக வந்தால் என் பெயர் வரும். கெட்டுப்போனாலும் என் பெயர்தான் வரும், ஆனால் அதை அவள் சொல்லும் தொனியே வேறு.

போன வருடம் ஒரு கிராம நர்சம்மா ஓய்வு பெற்றார். கூட வேலை செய்த நர்சுகள் எல்லோரும் சேர்ந்து பிரிவுபசார விழா ஏற்பாடு செய்தார்கள். அதில் போட்டுக் காட்ட அவருடைய பேட்டி ஒன்று வேண்டும் என்றார்கள். நர்சம்மா வீட்டுக்குப் போய் அவர் புடவையில் ஒரு மைக், என் சட்டையில் ஒரு மைக் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினேன். அவர் ஒரு கோரிக்கை மட்டும் வைத்தார்.

“தம்பி, விழாவுக்கு வர்றதுல பாதிப் பேரு நான் தொழில் கத்துக் குடுத்த பொண்ணுங்க. அவங்க முன்னாடி என்னைக் காமெடி ஆக்கிடாத.”

“அம்மா, நானா?” என்றேன், நெஞ்சில் கையை வைத்து. அந்தக் கை மைக்கின் மேல்தான் பட்டது. அது அணைந்துதான் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பேட்டிக்கு முன் அவர் கொடுத்த மோரைக் குடித்தபோது, உறிஞ்சுகிற சத்தம் பதிவாகக் கூடாதே என்று என் மைக்கை மியூட் செய்திருந்தேன். அதைத் திரும்பத் திறக்கவில்லை. மோர் மட்டும் அருமை.

ஸ்டுடியோவுக்கு வந்து போட்டுப் பார்த்தோம். நர்சம்மாவின் குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் பேச வேண்டிய இடத்தில் மின்விசிறியின் ஓசையும், கிணற்றுக்குள் ஆடு கத்துவது போல ஏதோ ஒன்றும் கேட்டன. கேமராவும் முழுக்க அவர் பக்கமே இருந்ததால் என் வாயசைவும் இல்லை. ஊரை விட்டு ஓடினால் பஸ்ஸில் போவதா, பைக்கில் போவதா என்றுகூட யோசித்துவிட்டேன்.

“கேள்வி எழுதி வெச்ச பேப்பர் எங்க?” என்றாள் மனைவி.

“நான் எழுதி வெச்சுலாம் கேக்க மாட்டேன். மனசுல இருந்து வரும்.”

“அப்ப மனசைக் கொண்டாங்க, கம்ப்யூட்டர்ல சொருகிப் பாக்கறேன்.”

மறுபடி எடுக்கலாம் என்றால் நர்சம்மா அதற்குள் திருப்பதிக்குப் போய், வேண்டுதலை நிறைவேற்றி மொட்டை அடித்துவிட்டார். பாதிக் கேள்விக்குக் கொண்டை, பாதிக் கேள்விக்கு மொட்டை என்று காட்ட முடியாது. என் குரலை மட்டும் ஸ்டுடியோவில் புதிதாகப் பதிந்து ஒட்டிப் பார்த்தோம். திருவிழாவில் காணாமல் போன குழந்தையைப் பற்றி அறிவிப்பது போல இருந்தது.

“வேணாம். கார்டு போட்டுடலாம்” என்றாள் அவள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கேள்வி, அடுத்து அவர் பதில். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்கிறேனே தவிர, அதற்குள் அவள் வைத்த சட்டங்கள் கொஞ்சமல்ல. ‘நான் வேலைக்குச் சேர்ந்தது எப்படின்னா’ என்று பதிலே கேள்வியைச் சொல்லிவிட்டால் கார்டு தேவையில்லை. ‘ஆமா’, ‘இல்ல’, ‘அதுவா’ என்று தொடங்கும் பதிலுக்குக் கட்டாயம் வேண்டும். கேள்வி இரண்டு வரியைத் தாண்டக் கூடாது. சத்தம் போட்டு நிதானமாகப் படித்து முடிக்கும் வரை கார்டு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஒலி செத்துவிடாமல் அதே அறையின் மின்விசிறி ஓசை அடியில் ஓட வேண்டும். எல்லாவற்றையும் விட, கேட்ட கேள்வியைத்தான் போட வேண்டும். பதிலுக்கு ஏற்றபடி நாமே ஒன்றை இட்டுக்கட்டக் கூடாது.

அங்கேதான் நான் மாட்டினேன். பதினோரு கேள்விகள் ஞாபகத்துக்கு வந்தன. ஒன்று வரவே இல்லை. அதற்கு நர்சம்மா சொன்ன பதில் இது:

“அதுவா! எது சரியான வலின்னே தெரியல தம்பி. நின்னு அழுதுட்டேன். ஆடு மேய்க்கிற பொம்பளதான் வந்து சொல்லிக் குடுத்துச்சு. அதுக்கப்புறம் நான் தப்பே பண்ணல.”

நான் துள்ளினேன். “புரிஞ்சுபோச்சு! பொய் வலி, நெஜ வலி! பிரசவ வலியைத்தான் சொல்றாங்க. போடு கார்டு: ‘பிரசவ வலியை அடையாளம் காணத் தெரியாமல் தவித்தது உண்டா?’”

மனைவி தட்டச்சு செய்துவிட்டு, கார்டையும் பதிலையும் சேர்த்து ஒருமுறை ஓட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நர்சு ஒருத்தங்க, அவங்க தொழில் கத்துக் குடுத்த அத்தனை பேரு முன்னாடி, எனக்குப் பிரசவ வலி இன்னான்னு ஆடு மேய்க்கிறவதான் சொல்லிக் குடுத்தான்னு சொல்ற மாதிரி இருக்குது. நீங்க இதைத்தான் கேட்டீங்களா?”

“ஆடும் குட்டி போடுது இல்ல? அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“கேட்டீங்களா, இல்லியா?”

“கேட்டிருப்பேன்.”

“இருப்பேன்லாம் கார்டுல போட முடியாது. போன் போட்டுக் கேளுங்க.”

போன் போட்டால் மைக் விவகாரம் வெளியே வந்துவிடும். இருபது வருட அனுபவம் என்று விளம்பரப் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். போன் போடாமல் சமாளிக்க முடியுமா என்று அந்தக் கார்டை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன். திரையில் நர்சம்மா வெள்ளந்தியாகச் சிரித்துக்கொண்டே தன் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தார். இல்லை, நான்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். போனை எடுத்தேன்.

“அம்மா, ஒரு சின்ன சந்தேகம். எது சரியான வலின்னு தெரியலன்னு சொன்னீங்களே, அதுக்கு நான் இன்னா கேள்வி கேட்டேன்?”

“கேட்டது நீ. இன்னா கேட்டேன்னு என்னை எதுக்குக் கேக்கற?”

உண்மையைச் சொன்னேன். மோரில் இருந்து தொடங்கி ஒன்று விடாமல். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, “சரி, அந்த வலிக்கு நீ இன்னா எழுதி வெச்ச?” என்றார். படித்துக் காட்டினேன்.

காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடிக்கும் அளவுக்குச் சிரித்தார். “அடப்பாவி! நான் வேலைக்குச் சேந்த தளவானூருக்குப் போற வலிடா அது! ரோடு! மொத நாள் ஏரிக்கரைல ரெண்டாப் பிரியுது, எதுல போறதுன்னு தெரியாம நின்னு அழுதேன். நீ கேட்டது, மொத நாள் கிராமத்துக்கு வலி கண்டுபிடிச்சது எப்படின்னு.”

“அம்மா, அது ழ. வழி.”

“நான் அதைத்தான சொல்றேன், வலின்னு!”

எங்கள் பக்கத்தில் வழியும் வலியும் ஒரே மாதிரிதான் வாயில் வரும். எந்தக் கேள்விக்குப் பதில் என்பதை வைத்துத்தான் காது பிரித்துக்கொள்ளும். அந்தக் கேள்வியைத்தான் நான் மோரோடு சேர்த்து விழுங்கியிருந்தேன்.

மனைவி கார்டை மாற்றினாள்: ‘முதல் நாள் கிராமத்துக்கு வழி கண்டுபிடித்தது எப்படி?’ கூடவே, மற்ற பதினோரு கேள்விகளையும் நர்சம்மாவுக்குப் படித்துக் காட்டச் சொன்னாள். அதில் இரண்டை அவர் திருத்தினார். மனசில் இருந்து வருவதைப் பற்றி அன்றைக்கு வீட்டில் யாரும் பேசவில்லை, நான் உட்பட.

விழா மண்டபத்தில் ப்ரொஜெக்டர் பக்கத்தில் நின்றேன். கேள்வி கேட்பவனின் குரலே இல்லாத பேட்டி. ‘ஆள் எங்கப்பா’ என்று யாராவது கத்தினால் மேஜைக்கு அடியில் போய்விடுவது என்று இடம்கூடப் பார்த்து வைத்தேன். மொட்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நர்சம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் கார்டு வந்தது. பின்னால் ஒரு நர்சு அதை உரக்கப் படித்தாள். அடுத்த கார்டை நாலு பேர் படித்தார்கள். வழிக் கேள்வி வந்தபோது மொத்த மண்டபமும் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது போல ஒரே குரலில் படித்துவிட்டுக் காத்திருந்தது.

“ம், சொல்லுங்கக்கா!” என்று யாரோ ஒருத்தி திரையைப் பார்த்துக் கத்தினாள்.

திரையில் இருந்த நர்சம்மா கொண்டையைச் சரிசெய்துகொண்டு, “அதுவா!” என்று ஆரம்பித்தார்.