ஆடும் முட்டைக்கோஸும் போன இடம்

பிரெஞ்சு நாவலைத் தமிழாக்கி முடித்துக் கால்மேல் கால் போட்டிருந்த காலையில், அச்சுப்படியைப் பார்த்த அதன் ஆசிரியையிடமிருந்து செய்தி வந்தது. "என் ஆடு எங்கே? முட்டைக்கோஸ் எங்கே? பதினோரு மணிக்கு அச்சகத்துக்கு வருகிறேன். எனக்கு ஒப்பவில்லை என்றால் புத்தகம் வராது."

அவர் ஆண்டில் ஆறு மாதம் அடி அண்ணாமலையில் குடியிருப்பவர்; எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பார். இரு தரப்பிடமும் நல்ல பிள்ளையாக நடப்பவனை, ஆட்டையும் முட்டைக்கோஸையும் சேர்த்துக் காப்பாற்றுகிறவன் என்பது பிரெஞ்சுக்காரர் வழக்கு. நாவலில் வரும் வக்கீல் அப்படிப்பட்டவர். நான் அவரைப் பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறவராக்கியிருந்தேன். பன்றிக்கு ஜாம் போடுவது போல என்று அவர் சொன்ன இடத்தில், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று எழுதியிருந்தேன்.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பாவம் என்று மேடையில் முழங்குகிறவன் நான். என் கொள்கை எதிராளி கிளம்பிவிட்டார் என்று தெரியும் வரைதான் நிற்கும். பத்தரைக்குள் அச்சகத்துக்கு ஓடி, ஆடு, முட்டைக்கோஸ், பன்றி எல்லாவற்றையும் திரும்ப உள்ளே ஓட்டச் சொன்னேன்.

அங்கே பக்கம் வடிவமைக்கும் கீழ்பென்னாத்தூர்ப் பெண் தட்டச்சை நிறுத்தினாள்.

"சார், இந்த வக்கீலுக்கு ஆடு எப்ப வந்துச்சு?"

"வரலம்மா."

"கோஸ் தோட்டம்?"

"அதுவும் இல்ல."

"அப்ப எதைத்தான் காப்பாத்தறாரு? மொத அத்தியாயத்துல எதனா வுட்டுட்டமானு பாக்கறேன், ஒண்ணும் காணோம்."

வாசலில் ஆசிரியை நின்றிருந்தார்.

"முன்னாடி என்ன இருந்துச்சு? படிங்க" என்றார் அவளிடம்.

அவள் பழைய வரியைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "இது எங்க பெரிய மாமாங்க. அம்மாகிட்ட ஒண்ணு பேசுவாரு, அப்பாகிட்ட ஒண்ணு பேசுவாரு."

"கெட்டவரா?"

"இல்லைங்க. சண்டை வாணாம்னு பாக்கறாரு. நம்பத்தான் முடியாது."

ஆசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என் வக்கீல் இவர்தான். ஆடு வேண்டாம்."

பிறகு ஒவ்வொரு மிருகமாக விசாரணை நடந்தது. கழுதை தப்பித்தது. பூனையிடம் நான் மாட்டினேன்.

"வெந்நீர் பட்ட பூனை பச்சைத் தண்ணிக்கும் பயப்படும்னு எழுதினேன். நீங்க பேயைக் கொண்டுவந்திருக்கீங்க."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எழுதிப் பெருமைப்பட்டிருந்த இடம் அது.

"ஏன் சார்," என்றாள் அந்தப் பெண், "நம்மூர்லயும் சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராதுன்னுதான சொல்வாங்க?"

வார்த்தைக்கு வார்த்தை போய்விடுவேனோ என்ற பயத்தில், கண்ணெதிரே இருந்த பூனையைத் துரத்தியிருக்கிறேன். பேயை அடித்துவிட்டுப் பூனையை எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை கடைசிப் பக்கத்தில் 'அச்சிடலாம்' என்று கோணல் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் எனக்குப் பசித்தது.