மெஷின் சத்தத்தில் வெட்டிய கிராப்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினான்கு வருடமாகச் சலூன் வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் ஆண்கள் முடிவெட்டை இரண்டே விஷயங்களால் அளப்பார்கள்: தலையில் எவ்வளவு மிச்சம் இல்லை, மெஷின் எவ்வளவு நேரம் ஓடியது. கத்தரியால் முக்கால் மணி நேரம் வெட்டினால், "மெஷின் ரிப்பேரா?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, சின்னாளபட்டியிலிருந்து ஒரு கல்யாண மாப்பிள்ளை வந்தார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. கூடவே தாய்மாமன். புதன்கிழமை முகூர்த்தம். செவ்வாய் எங்கள் கடைகள் எல்லாமே மூடியிருக்கும் என்பதால் திங்களை விட்டால் வேறு வழியில்லை.

மாப்பிள்ளைக்கு நேர்முடி, அடர்த்தி அதிகம். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் வேறொரு கடையில் மெஷின் போட்டிருக்கிறார்கள். இந்த மாதிரி முடியை ஒட்ட வெட்டினால் படிவதற்கு நீளம் இருக்காது. காதுக்கு மேலே ஊசி ஊசியாக நிற்கும். ஆல்பம் முழுக்க அப்படித்தான் நின்றிருக்கிறது. அதைப் பார்த்துப் பெண் போனில் சிரித்தாளாம்.

"கல்யாண போட்டோலயும் அவ சிரிக்கக்கூடாதுண்ணே" என்றார். எனக்கு அந்தப் பையனை அப்போதே பிடித்துவிட்டது.

தலையில் இருந்த எண்ணெய் போக இரண்டு முறை அலசினேன். பக்கவாட்டில் சீப்பை வைத்து, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த முடியைக் கத்தரியால் எடுத்தேன். படிகிற அளவுக்கு இரண்டு விரல் நீளம் விட்டேன். உச்சியில் நாலு விரல். பிறகு நன்றாகக் காயவைத்து, கத்தரி முனையை நுனிமுடிக்குள் செங்குத்தாக விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தினேன். நேர்முடியில் குறுக்கே ஒரு வெட்டு விழுந்தால் கோடு போட்டதுபோல் தெரியும். இப்படிக் கொத்தினால் கோடு உடைந்து, முடி இழை இழையாகப் பிரிந்து விழும். முன்பக்கம் நெற்றியில் லேசாக இறங்கியது. மாப்பிள்ளை விரலால் கோதினார். போன முடி தானாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது. அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா எழுந்து வந்தார்.

"ஏப்பா, எப்ப ஆரம்பிக்கப் போற?"

"முடிஞ்சிருச்சுங்க."

"என்னத்த முடிஞ்சுச்சு? அம்புட்டு முடியும் அப்படியே கெடக்கு. கல்யாணத்துக்கு வர்றவன், முடி வெட்டக்கூட வக்கில்லையான்னு கேப்பான். மெஷினப் போட்டு ஒட்ட எடு."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தரையைப் பார்த்தபடி, "மாமா சொல்றபடி செய்ங்கண்ணே" என்றார். கண் மட்டும் கண்ணாடியில் என்னைக் கெஞ்சியது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கோபப்பட்டால் மாமா பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போய்விடுவார். வெட்டிய முடி புதனுக்குள் வளராது. மெஷினை எடுத்துப் போட்டேன். அது உறுமியது. பிடரியில் இருந்த பூனைமயிரை மட்டும் எடுத்துவிட்டு, மெஷினைத் திருப்பி, அதன் முதுகுப் பக்கத்தால் தலை முழுக்கப் பத்து நிமிடம் தடவினேன். ஒரு முடி விழவில்லை. கடைசியில் கழுத்தில் பவுடரைத் தாராளமாக அப்பினேன்.

மாமா தூர நின்று பார்த்தார். "இப்பத்தான்யா வெட்டுன மாதிரி இருக்கு. இத மொதல்லயே செய்யறதுக்கு என்ன?"

புதன்கிழமை கல்யாணத்துக்குப் போனேன். தாலி கட்டி முடித்துத் தலைப்பாகையைக் கழற்றினார் மாப்பிள்ளை. ஒருமுறை கோதிவிட்டார், முடி அழகாகப் படிந்தது. பெண் நிமிர்ந்து பார்த்தாள், சிரிக்கவில்லை. போட்டோக்காரர் கிளிக் செய்தார். எனக்குப் பந்தியில் உட்காரும் முன்பே வயிறு நிறைந்துவிட்டது.

சாப்பிட்டு எழுந்தபோது மாமாவின் குரல் கேட்டது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர். "கத்தரிய வச்சு மணிக்கணக்கா நோண்டிக்கிட்டிருந்தான். நாந்தான் அதட்டி மெஷினப் போட வச்சேன். பாரு, எப்படி வந்திருக்குன்னு!"

அடுத்த வாரம் அந்த ஏழெட்டுப் பேரும் கடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் அதே கிராப், அதே மெஷின் வேண்டுமாம். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். முதல் ஆள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் மெஷினைப் போட்டு மேசைமேல் ஓடவிட்டு, கத்தரியைக் கையில் எடுத்தேன்.

இன்றைக்கும் அப்படித்தான் வெட்டுகிறேன். தொழில் நன்றாக நடக்கிறது. போன மாதம் புது போர்டு எழுத ஆள் வந்து, என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். கத்தரி கையில் இருக்கும்போதே, "மெஷின் கட்டிங் ஸ்பெஷல்" என்று சொன்னேன்.