லிங்க் மொய்

எங்கள் கடையில் கோழிப்பண்ணைகளுக்குப் படுதா தைத்துக் கொடுக்கிறோம். பண்ணைக் கொட்டகையின் இரு பக்கமும் காற்றுக்கும் சாரலுக்கும் கட்டித் தொங்கவிடும் திரைதான் படுதா. முன்பு லாரிக்குத் தார்ப்பாயும் தைத்தோம். புறவழிச்சாலை வந்த பிறகு எங்கள் தெருவுக்குள் லாரி வருவதில்லை. உள்ளூர்ப் பண்ணைகளுக்கு என்னைவிடப் பெரிய கடைகள் இருக்கின்றன. வெளி மாவட்டத்து ஆர்டர் வந்தால்தான் கடை நிற்கும், என்னை நம்பித் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களுக்கும் வேலை இருக்கும்.

எனக்கு ஆட்களிடம் பேச வராது. நெட்டில் ஒரு சைட் போட்டால் அது எனக்குப் பதிலாகப் பேசும் என்று நினைத்தேன். சேலம் அம்மாபேட்டையில் வீட்டிலிருந்தபடியே சைட் செய்து கொடுக்கும் ஒரு பெண்ணைப் பிடித்தோம். அழகாகத்தான் செய்தாள். ஆனால் யாரும் வரவில்லை. தேடிப் பார்த்தால் எங்கள் கடை பல பக்கம் தள்ளிக் கிடந்தது.

“புது சைட்டுங்க அண்ணா. நாலு பேரு அவங்க சைட்ல உங்க லிங்க்கைப் போட்டு உங்களைக் கை காட்டணும். அப்பத்தான் தேடறப்ப மேல வருவீங்க” என்றாள் அவள். “தொழில் முகவரி போடற டைரக்டரி சைட்டெல்லாம் இருக்குது. எல்லாத்துலயும் ஒரே பேரு, ஒரே விலாசம், ஒரே போன் நம்பரு குடுங்க. ஒண்ணுல கடை நம்பரு, இன்னொண்ணுல அண்ணி நம்பருன்னு மாத்திக் குடுக்காதீங்க. நீங்க துணி வாங்கற கம்பெனி சைட்ல டீலர் பக்கம் இருந்தா அங்க சேக்கச் சொல்லுங்க. உங்க சங்கத்துக்கு சைட்டு இருக்குதுல்ல, அது ரொம்ப நல்லது.”

டைரக்டரி வேலை எனக்குப் பிடித்திருந்தது. யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. துணிக் கம்பெனிக்கும் மெயில் எழுதிவிட்டேன். அவர்கள் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். சங்கத்துக்கு மட்டும் நேரில் போக வேண்டியிருந்தது. நான் நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

“வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருக்கறீங்க? போயிட்டு வாங்க” என்று என் மனைவி விரட்டினாள்.

பண்ணைச் சாமான் வியாபாரிகள் சங்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்னறையில் நடந்தது. செயலாளர் தீவனத்தட்டு விற்பவர். பெரிய குரல். நான் சொல்ல வந்ததைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

“அட, இதுக்காங்க இத்தனை தயக்கம்? இன்னைக்கே போட்டுர்றனுங்க. ஆனா ஒண்ணு. நாம லிங்க்குலயும் மொய் வெச்சுக்கறோமுங்க. சங்கத்துல சைட்டு வெச்சிருக்கற எல்லாரும் எல்லாரு பேரையும் அவங்கவங்க சைட்டுக்கு அடியில போட்டிருக்கறோம். நாங்க உங்களுக்கு வெக்கறோம், நீங்க எங்களுக்கு வெக்கோணும்.”

பக்கத்திலிருந்த கூண்டுக் கம்பி வியாபாரி சிரித்தார். “மொய்யை வாங்கிக்கிட்டுத் திருப்பி வெக்காம போனவன் எங்கூருல ஒருத்தன் இருக்கறான். இன்னும் அவன் ஊட்டுக் கல்யாணத்துக்கு யாரும் போறதில்லீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அம்மாபேட்டைப் பெண்ணுக்கு இது பிடிக்கவில்லை. “சங்கத்து சைட்ல உங்க பேரு இருந்தா அது நியாயமான லிங்க்குங்க. ஊரே மாத்தி மாத்தி வெச்சுக்கறது வேற. தேடறவங்களுக்காக வெக்கல, ஒருத்தரை ஒருத்தர் தூக்கிவிடத்தான் வெச்சிருக்கறாங்கன்னு தேடல் கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்சிருவாங்க. வேண்டாங்கண்ணா.”

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் வேண்டாம் என்று செயலாளரிடம் போய் யார் சொல்வது? எல்லாப் பேரையும் போடச் சொன்னேன்.

அப்புறம் போன் வர ஆரம்பித்தது. பல்லடத்திலிருந்து ஒருவர், திண்டுக்கல் பக்கமிருந்து ஒருவர். மிஷின்கள் ஓடின. மனைவி என் முகத்தைப் பார்த்து, “இப்பப் பாருங்க” என்றாள். எனக்கு மட்டும் சந்தோஷம் முழுதாக வரவில்லை. சைட்டைத் திறக்கும்போதெல்லாம் கண் அந்த அடிவரிசைக்கே போயிற்று. சிலர் கடையை நான் பார்த்ததுகூட இல்லை. அவர்களுக்கெல்லாம் நான் உத்தரவாதம் கொடுத்து நிற்பதுபோல இருந்தது.

பல்லடத்துக்காரர் ஒரு மத்தியானம் மறுபடி கூப்பிட்டார். “படுதாக்கடைதானுங்களே? உங்க சைட்டுக்கு அடியில கயிறுன்னு போட்டிருந்தது. அமுத்துனா காசு வெச்சு சீட்டாடற சைட்டுக்குப் போகுதுங்க. எம்பையன் பாத்துட்டு சிரிக்கறான்.”

கயிறு வியாபாரி போன வருஷமே கடையை மூடிவிட்டு வெளியூர் போய்விட்டார். சைட் விலாசத்துக்கு வருஷா வருஷம் கட்ட வேண்டியதை விட்டுவிட்டார். விலாசம் காலியானதும் வேறு யாரோ எடுத்துக்கொண்டு சூதாட்டக் கடை விரித்திருக்கிறார்கள். சங்கத்தில் எல்லோருடைய சைட்டும் இன்னும் அந்தக் கதவைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு பேரை எடுக்கச் சொன்னேன். அதற்குள் போன் வருவது குறைந்துவிட்டிருந்தது. ஒருநாள் சுத்தமாக நின்றது. கடையில் மிஷின் சத்தம் இல்லை. சைட்டைக் கவனிக்கத் தேடல் கம்பெனி கொடுத்திருக்கும் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு அம்மாபேட்டைப் பெண் கூப்பிட்டாள்.

“நோட்டீஸ் வந்திருக்குங்கண்ணா. தேடல் கம்பெனியில ஆளே பாத்து எழுதியிருக்கறாங்க. உங்க சைட்லருந்து வெளிய போற லிங்க்கெல்லாம் இயல்பானது இல்லையாம். ஏற்பாடு செஞ்சு வெச்சதுன்னு சொல்றாங்க. கீழ இருக்கற மொத்தத்தையும் எடுக்கணும். எடுத்துட்டு, என்ன செஞ்சோம்னு எழுதி, திரும்பப் பாருங்கன்னு கேக்கணும்.”

“சங்கத்துப் பேரு மட்டும் இருக்கட்டுமா?”

“அது ஒண்ணு இருக்கலாம். நீங்க அங்க உறுப்பினர்தானே.”

சொல்லாமல் எடுத்தால் துரோகம் என்று பட்டது. மாதக் கூட்டத்துக்குப் போனேன். எழுந்து நின்று, எங்கள் சைட்டுக்கு வந்த நோட்டீஸைச் சொன்னேன். உங்களுக்கும் வரலாம், எல்லோரும் எடுத்துவிடுவது நல்லது என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“நோட்டீஸா? எங்களுக்கு ஒண்ணும் வல்லியே” என்றார் கூண்டுக் கம்பிக்காரர். அவர்களில் பலர் அந்தக் கணக்கே திறந்தது கிடையாது. வந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

செயலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஏனுங்க, நம்ம பேரு உங்க சைட்டுக்குத் தீட்டுங்களா? மேல ஏறுற வரைக்கும் எங்க தோளு வேணும். ஏறுனதும் உதறிட்டுப் போறீங்க.”

“அப்படி இல்லீங்க…”

“போங்க சாமி. நீங்க எடுங்க. நாங்களும் எடுத்துக்கறோம்.”

சொன்னபடி செய்தார்கள். சங்கத்தின் உறுப்பினர் பக்கத்திலிருந்தும் எங்கள் கடையைத் தூக்கிவிட்டார்கள். தங்களுக்குள் வைத்துக்கொண்ட மொய்யை மட்டும் தொடவில்லை. எனக்கு நியாயமாகக் கிடைத்திருந்த ஒரே உள்ளூர் லிங்க் அது.

அம்மாபேட்டைப் பெண் மனு எழுதி அனுப்பினாள். சில வாரம் கழித்துத் தடையை நீக்கிவிட்டதாகப் பதில் வந்தது. பழைய இடம் உடனே கிடைக்கவில்லை. டைரக்டரிகளும் துணிக் கம்பெனியும் காட்டிய வழியில் மெல்ல ஒருவர், இருவர் என்று வந்தார்கள். ஒரு மிஷின் ஓடத் தொடங்கியது. நான் மூச்சு விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மற்றவர்கள் சைட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. முதலில் கூண்டுக் கம்பி. பிறகு மருந்து விற்பவர். தீவனத்தட்டு என்று தேடினால் செயலாளர் கடை எங்கேயும் இல்லை. நான் தினமும் தேடிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடைவீதியில் எதிரே வந்தவர்கள் வண்டியை வேறு பக்கம் திருப்பினார்கள். படுதாவுக்குக் கம்பி வாங்கப் போனால் இருப்பு இல்லை என்றார்கள். கம்பிச் சுருள் அவர்கள் காலடியிலேயே கிடந்தது.

ஒரு காலையில் செயலாளர் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. எங்க பேரையெல்லாம் நீங்கதான் அந்தத் தேடல் கம்பெனிக்கு எழுதிப் போட்டீங்களா? எங்களைக் காட்டிக் குடுத்ததாலதான் உங்களுதைத் திறந்து விட்டாங்களா?”

இல்லை என்று ஒரு வார்த்தை. எங்கள் சைட்டைப் பற்றி மட்டும்தான் எழுதினோம் என்று ஒரு வரி. தொண்டைவரை வந்தது. எப்போதும்போல அங்கேயே நின்றது. மனைவி எதிரே நின்று, “சொல்லுங்க, சொல்லுங்க” என்று சத்தமில்லாமல் வாயசைத்தாள்.

“செரிங்க,” என்றார் அவர். “புரிஞ்சுதுங்க.”

போனை வைத்துவிட்டார்.