பழைய நேரம் காட்டிய கைப்பேசிகள்

என் தொழிலில் ஒரு வாக்கியம் இருக்கிறது. யார் என்ன புகார் சொன்னாலும் வாயில் முதலில் வருவது அதுதான்: "என் கம்ப்யூட்டர்ல சரியா இருக்கே." எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒரு முறை அதனால் ஒரு பெண்ணுக்குத் திருடி என்று பெயர் வந்தது.

நான் திருப்பதியில் சிறிய நிறுவனங்களுக்கு வலைத்தளம் செய்து கொடுப்பவன். சித்தூர்ப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலைக்கு டோக்கன் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். பெங்களூரா ரக மாங்காய் இறங்கும் மாதங்களில் ஆலை வாசலில் டிராக்டர்கள் இரண்டு நாள், மூன்று நாள் நிற்கும். அதைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. விவசாயி தன் கைப்பேசியில், காய் இறக்க நாளுக்கு இருக்கும் நான்கு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். இரண்டாம் முறை என்றால் காலை பத்து மணி. ஒரு மணி நேரத்துக்குள் வராவிட்டால் டோக்கன் காலாவதியாகி, வாசலில் காத்திருக்கும் வேறு வண்டிக்குப் போய்விடும். குறுஞ்செய்தியில் முறை எண் மட்டும் வரும். எந்த முறைக்கு எந்த நேரம் என்பது பக்கத்தோடு இறங்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் இருந்தது.

தோப்புகளில் சிக்னல் நொண்டியடிக்கும். அதனால் அந்தக் கோப்பை ஒரு மாதம் வரை கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சேவையகத்தில் எழுதி வைத்திருந்தேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

சீசன் சூடு பிடித்ததும் ஆலை நேரத்தை மாற்றியது. இரண்டாம் முறை எட்டு மணிக்கு வந்தது. நான் கோப்பில் எண்களை மாற்றி, சேவையகத்தில் ஏற்றி, என் மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். எட்டு மணி என்றே காட்டியது. டீ குடிக்கப் போனேன்.

நான்காம் நாள் ஆலை மேலாளர் கூப்பிட்டார். உள்ளூர் விவசாயிகள் பத்து மணிக்கு வந்து நிற்கிறார்கள், டோக்கன் போய்விட்டது, ஆனால் வெளியூர் வியாபாரிகளின் வண்டிகள் மட்டும் சரியாக எட்டு மணிக்கு வந்து உள்ளே போகின்றன. டோக்கன் ஜன்னலில் இருக்கும் பெண், காசு வாங்கிக்கொண்டு வியாபாரிகளுக்கு மட்டும் புது நேரத்தைச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று வாசலில் பேச்சு.

"சைட்ல ஏதாச்சும் தப்பு இருக்கா பாருங்க" என்றார்.

பார்த்தேன். எட்டு மணி. "சைட் பர்ஃபெக்ட் சார். நானே இப்ப பார்த்துகினு இருக்கேன்" என்றேன். அவர் போனை ஒலிபெருக்கியில் வைத்திருந்தார் என்பதும், அறையில் அந்தப் பெண்ணும் நாலைந்து விவசாயிகளும் நின்றார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று மதியமே அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் அவரே என்னை அழைத்தார். அழவில்லை. கோபம்தான்.

"சார், எங்க ஊரு ஆளுங்களே என்னைத் திருடின்றாங்க. ஆனா ஒண்ணு கவனிச்சேன். புதுசா வந்தவங்க யாரும் நேரம் தப்பி வர்ல. வியாபாரியோ விவசாயியோ, இந்த நாலு நாள்லதான் முதல்ல டோக்கன் போட்டவங்க கரெக்டா வர்றாங்க. ஆரம்பத்துல இருந்து போட்டுகினு இருக்கறவங்கதான் லேட்டா வர்றாங்க. எங்க மச்சான் போன்லகூட பத்து மணின்னு இருக்குது. இது எப்படி சார்?"

எப்படி என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. என்னைப் போன்றவர்கள் வேலை செய்யும்போது உலாவியின் ஓரத்தில் ஒரு கருவிப் பலகையைத் திறந்தே வைத்திருப்போம். அதில் 'சேமித்ததைப் பயன்படுத்தாதே' என்றொரு கட்டம் உண்டு. அதை டிக் செய்து எத்தனை வருடம் ஆயிற்று என்பது எனக்கே மறந்துவிட்டது. எனவே என் கணினி ஒவ்வொரு முறையும் புதுக் கோப்பை வாங்கிக் காட்டியது. மற்றவர்களின் கைப்பேசிகளோ நான் சொன்னபடியே, ஒரு மாதம் பழையதை வைத்துக்கொண்டன. பக்கத்துக்கு முதல்முறை வந்தவருக்குச் சரியான நேரம். எங்களை நம்பி தினமும் வந்தவருக்குத் தப்பான நேரம்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சித்தூர் போனேன். அந்தப் பெண்ணையும் ஆலைக்கு வரச் சொல்லியிருந்தேன். வாசலில் ஒரு விவசாயி, முந்தின நாளே நேரம் தப்பி வந்து, வெயிலில் பழுத்துக்கொண்டிருந்த சுமையோடு டிராக்டரில் உட்கார்ந்திருந்தார். அவர் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, சக்கரத்தின் மட்கார்டு மேல், அன்றுதான் முதல்முறையாக அந்தப் பக்கத்தைத் திறந்த என் கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே பக்கம். அவருடையதில் பத்து, என்னுடையதில் எட்டு. மேலாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அழிச்சிட்டுப் புதுசா போட்டா சரியாயிடுமா?" என்று கேட்டார்.

இந்த ஒரு போனில் சரியாகும். ஏர்பேட்டிலும் நாராயணவனத்திலும் தோப்புக்குள் இருக்கும் போன்களை யார் போய் அழிப்பது? எடைமேடை அறையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். இதுவரை அந்தக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர். உள்ளே என்ன மாறினாலும் கைப்பேசி பெயரைப் பார்க்கும், 'இது என்னிடம் இருக்கிறதே' என்று பழையதையே எடுத்துக்கொள்ளும். இப்போது கோப்பில் இருப்பதை வைத்துக் கணக்கிட்ட ஒரு எழுத்துச் சரத்தைப் பெயரிலேயே சேர்க்கும்படி மாற்றினேன். உள்ளே ஓர் எண் மாறினாலும் பெயர் மாறும். அந்தப் பெயரை எந்த போனும் கேள்விப்பட்டிருக்காது, வாங்கியே தீர வேண்டும். எந்தப் பெயரைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் முகப்புப் பக்கத்தை மட்டும், திறக்கும் ஒவ்வொரு முறையும் சேவையகத்திடம் சரிபார்க்கச் சொல்லியிருந்தேன். அதுவரைக்கும் புத்தி இருந்திருக்கிறது.

ஏற்றி முடித்ததும் விவசாயியிடம் எதையும் அழிக்காமல் பக்கத்தை மறுபடி திறக்கச் சொன்னேன். எட்டு மணி.

அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போய், தப்பு என்னுடையது, இவர் மேல் எதுவும் இல்லை என்று சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, "சரிம்மா, போய் ஜன்னல்ல உக்காரு" என்றார்.

அந்தப் பெண் நகரவில்லை. என்னைப் பார்த்தார். "அன்னிக்கு நீங்க சைட் கரெக்ட்னு சொன்னது எல்லாரும் கேட்டாங்க சார். இன்னிக்கு கதவை மூடிகினு சொல்றீங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. டோக்கன் எண் கூப்பிடும் மைக்கை அவரே எடுத்துக் கொடுத்தார். வாசலில் டிராக்டர்களுக்கு நடுவே நின்றவர்களிடம் முதலில் தமிழில், பிறகு என் அரைகுறைத் தெலுங்கில் சொன்னேன்: நேரம் தப்பாகக் காட்டியது நான் செய்த வேலை, இந்த அம்மா யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் கைதட்டவில்லை. ஒருவர், "அப்போ என் காய் அழுகினதுக்கு?" என்று கேட்டார். காலாவதியான டோக்கன்களை எல்லாம் அன்றே முதலில் எடுப்பதாக மேலாளர் சொன்னார்.

அந்தப் பெண் மைக்கை வாங்கி முதல் எண்ணைக் கூப்பிட்டார். குரல் கொஞ்சம் நடுங்கியது, அடுத்த எண்ணுக்குச் சரியாகிவிட்டது. முதல் வண்டி, மட்கார்டு மேல் என்னை போன் வைக்க விட்டவருடையதுதான். அன்று மேலாளர் அறைக்குள் அந்தப் பெண்ணைத் திருடி என்று முதலில் சொன்னதும் இந்த விவசாயிதான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஜன்னலருகே வண்டியை நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டே, "துன்னியாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லண்ணா. நீ மொதல்ல வண்டிய எடைமேடைல ஏத்து" என்றார் அந்தப் பெண்.

என்னை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அது நியாயம்தான். பஸ்ஸில் ஏறியதும் மடிக்கணினியைத் திறந்து அந்தக் கட்டத்திலிருந்த டிக்கை எடுத்தேன்.