மூன்றாவது கட்டம்

சொர்ணத்துக்கு நாற்பது வயதில்தான் முதல் வேலை கிடைத்தது. கணவர் சிவராமன் ஆவடியில் தளவாடத் தொழிற்சாலையில் இருக்கிறார். திருத்தணிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவளுக்குக் குவார்ட்டர்ஸ்தான் ஊர். மகன் காலேஜில் சேர்ந்ததும் பகல் பொழுது நீண்டுபோயிற்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆக்சிஜன் மெஷின்களை வீடுகளுக்கு வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்று, போனில் பேச ஆள் எடுத்தது. போய்ப் பேசினாள், எடுத்துக்கொண்டார்கள்.

முதல் வாரத்திலேயே புதியவர்களை நிற்க வைத்து, சுவரில் இருந்த பெரிய திரையைப் பற்றிச் சிறு பேச்சு. பேசியவள் டீம் லீடர் எழிலரசி. கொரட்டூர்ப் பெண், சொர்ணத்தைவிடப் பத்து வயது சின்னவள்.

"இந்த போர்டைப் பாத்து யாரும் பயப்பட வேணாம். செவப்பு வந்தா உங்களைத் திட்டுதுன்னு அர்த்தமில்லை. யாரோ காத்துக்கினு இருக்காங்கன்னு அர்த்தம். கீழ உங்க பேருக்கு நேரா ஒரு வரி வரும். பேசிட்டு இருக்கீங்களா, சும்மா இருக்கீங்களான்னு அது சொல்லும். முதல் வாரம் அந்த வரியை மத்தவங்களோட ஒப்பிட்டுப் பாக்காதீங்க. மேல இருக்கிற கட்டங்களை மட்டும் பாருங்க."

முதல் கட்டம்: வரிசையில் இப்போது எத்தனை பேர். ஒன்று என்று காட்டியது. இரண்டாவது: இன்று போனை எடுக்கச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆனது. இருபது விநாடி, பச்சை நிறம். மூன்றாவது: வரிசையில் இருப்பவர்களில் அதிக நேரமாகக் காத்திருப்பவர் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார். அதற்கு அடுத்தது, காத்திருந்து அலுத்துப் போனை வைத்துவிட்டவர்கள்.

சொர்ணத்தின் பக்கத்தில் நின்ற அப்துல் ரசாக், அவனும் புதிது, மெல்லச் சொன்னான்: "ஒரே ஒரு ஆள்தானே கீறாரு. ஈஸியாதான் இருக்கும்போல."

எழிலரசி காதில் அது விழுந்தது. "சராசரிங்கிறது எடுத்த போன்களுக்கு மட்டும்தான். இன்னும் எடுக்காத ஆள் அதுல இருக்கவே மாட்டார். அதனால ரெண்டாவது கட்டம் பச்சையா இருந்தாலும் மூணாவதை..."

சொல்லிக்கொண்டே திரும்பியவள் பேச்சை நிறுத்தினாள். மூன்றாவது கட்டத்தில் ஏழு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே நான்கு பேர் சும்மா இருப்பதாகவும் அதே திரை காட்டியது.

"அத்தனை பேர் சும்மா இருக்காங்களே, இந்த போன் ஏன் அவங்களுக்குப் போகலை?" என்று கேட்டாள் சொர்ணம்.

எழிலரசி கம்ப்யூட்டரில் பார்த்தாள். "தெலுங்கு வரிசை. தெலுங்கு தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் போகும். ஒருத்தங்க லீவு, இன்னொருத்தங்க வேற போன்ல பேசிட்டு இருக்காங்க."

"எனக்குத் தெலுங்கு வரும். எங்க ஊர் ஆந்திரா எல்லையிலதான்."

"வாங்க" என்றாள் எழிலரசி. இரண்டாவது ஹெட்செட்டைச் செருகி அவளிடம் நீட்டிவிட்டு, அந்த அழைப்பைத் தன் பெயரில் எடுத்தாள்.

எடுத்த அந்தக் கணம் சொர்ணம் திரையைப் பார்த்தாள். ஏழு நிமிடம் தாண்டி ஓடிய எண் சட்டென்று மறைந்து பூஜ்யம் நின்றது. அவள் காதுக்குள் ஒரு கிழவரின் குரல் கேட்டது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆந்திராவில் நகரியிலிருந்து பேசினார். மனைவிக்கு வைத்திருக்கும் மெஷினில் மஞ்சள் விளக்கு எரிகிறது, பீப் பீப் என்று கத்துகிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை. எழிலரசி தமிழில் சொல்லச் சொல்ல, சொர்ணம் தெலுங்கில் சொன்னாள். முதலில் அம்மாவை, மெஷினோடு கொடுத்திருக்கும் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மூச்சு எப்படி இருக்கிறது? பேசுகிறார்களா? பேசுகிறார் என்றதும், மெஷினில் மாட்டிய டியூபை அதன் முனை வரை கையால் தடவிப் பாருங்கள் என்றாள். அவர் போனைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தேடினார். பிறகு கட்டில் காலுக்கு அடியில் டியூப் மாட்டி நசுங்கியிருந்தது என்று சொன்னார். எடுத்துவிட்டதும் பீப் நின்றது. அது போனிலேயே கேட்டது. மறுபடி மெஷினுக்கு மாற்றி, விளக்கு பச்சையான பிறகும் சற்றுநேரம் காத்திருந்தார்கள். பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல், யாரது போனில் என்று கேட்டது.

சொர்ணம் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நல்லாப் பேசினீங்கக்கா" என்றாள் எழிலரசி. "அடுத்த வாரம் உங்க பேரையும் தெலுங்கு வரிசையில சேக்கச் சொல்றேன்." பிறகு மற்றவர்களிடம் திரும்பினாள். "இன்னைக்கு இது போதும். போய் உக்காருங்க."

சொர்ணம் உட்காரவில்லை. வரிசையில் மறுபடி மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். நேற்று வரை அது அவளுக்கு ரயில் நிலையத்தில் ஓடுகிற எழுத்துபோலத்தான். இப்போது அந்த மூன்றுக்குப் பின்னால் மூன்று வீடுகள், மூன்று கட்டில்கள், போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மூன்று பேர். மூன்று இரண்டானது. யாரோ எடுத்துவிட்டார்கள். ஒன்றானது.

அன்று சாயங்காலம் சிவராமனிடம் சொல்ல முயன்றாள். "திரையில ஒரு எண் ஓடுதுங்க. நாம வணக்கம்னு சொன்னதும் அது நின்னு போவுது."

"அதுக்கா இவ்வளவு?" என்றார் அவர்.

"ஆமா" என்றாள்.