இஸ்தோப்பில் ஏறாத சண்முகவடிவு

சண்முகவடிவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அவளிடம் சாமான் வாங்கும் பெண்கள் அந்தக் குரலைக் கேட்டதில்லை. ஆறு வருடமாக அவர்கள் கேட்டதெல்லாம் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து முற்றத்தில் நின்று, "போன தடவ குடுத்தது நொர வந்துச்சா அக்கா?" என்று விசாரிக்கும் குரல்தான்.

கொழுந்தெடுக்கப் போனவள்தான் அவளும். சறுக்கில் விழுந்து முழங்கால் போன பிறகு மலை ஏறி இறங்க முடிந்தது, நாள் முழுக்கக் கூடையோடு நிற்க முடியவில்லை. பாத்திரம் கழுவும் திரவமும் பினாயிலும் உடுப்புத் தூளும் செய்கிற ஒரு சின்னக் கம்பனிக்கு வீடு வீடாக விற்க ஆள் தேவைப்பட்டது. இரண்டு கான்களைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். வெற்றுப் போத்தலைக் கொண்டுவந்தால் அதிலேயே ஊற்றிக் கொடுப்பாள். போத்தல் காலியானால் வடிவு வருவாள் என்று லயத்துக்குத் தெரியும். யார் வீட்டில் எப்போது காலியாகும் என்று வடிவுக்குத் தெரியும். புது வாடிக்கையாளர் ஒருவரைப் பிடிப்பதைவிடப் பழைய பத்துப் பேரை விடாமல் வைத்திருப்பதுதான் இந்தத் தொழிலில் சோறு போடும் என்பதை அவளுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை.

லயத்தில் விற்பதற்கென்று சில சங்கதிகள் உண்டு. சுவரெல்லாம் பொதுச் சுவர். முதல் வாசலில் பேசுவது பத்தாவது வீட்டுக் காம்பராவில் அடுப்பூதுகிறவளுக்கும் கேட்கும். ஆகவே முதல் வாசலில் "வேணாம்" என்று சொன்னால், அங்கே நின்று வாதாடுகிறவள் அந்த ஒரு வீட்டையல்ல, வரிசை முழுவதையும் இழந்துவிடுவாள். வடிவு, "சரிக்கா, அடுத்த கிழம வாறேன்" என்று சிரித்துவிட்டு இரண்டடி பின்னால் போய்விடுவாள். பிடிவாதம் பிடிக்காத ஆள் என்று மற்ற ஒன்பது வீடும் கேட்டுக்கொண்டிருக்கும். சம்பளம் போடவில்லை என்ற "வேணாம்" வேறு, புருஷனைக் கேட்க வேண்டும் என்ற "வேணாம்" வேறு. உன் முகத்தையே பிடிக்கவில்லை என்ற "வேணாம்" இன்னொன்று. முதல் இரண்டுக்கும் திரும்ப வரலாம். மூன்றாவதுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நகர வேண்டும். அதை மனதில் போட்டுக் குமைந்தால் அடுத்த வாசலில் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தாள். முற்றத்தில் நின்றே குரல் கொடுப்பாள். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ஏறமாட்டாள். மழையென்றாலும் ஏறமாட்டாள், தேத்தண்ணி கொடுத்தாலும் முற்றத்தில் நின்றேதான் குடிப்பாள். மலை ஏறுவதற்கு முன்னால், பஸ் நிற்கும் இடத்துக் கடைக்காரர் பொன்னையாவிடம் இன்றைக்குத் தோட்டத்தில் எந்தப் பிரிவு என்று சொல்லிவிட்டுப் போவாள். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவாள். காலையில் லயத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். பெண்களெல்லாம் மலையில் நிற்கும் நேரத்தில் லயத்தில் இருப்பது கிழடு கட்டைகளும், குழந்தைகளும், தேயிலைப் பெக்டரியில் இரவு வேலை முடித்து வந்து படுத்திருக்கும் ஆம்பிளைகளும்தான். பின்னேரம் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் திரும்பும்போதுதான் அவள் போவாள்.

இந்தச் சட்டத்தைத்தான் சுஜீவன் உடைக்கச் சொன்னான். கம்பனி புதிதாகப் போட்ட விற்பனை அதிகாரி. அட்டனில் ஒரு மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, வாசலில் நின்றால் போத்தல்தான் விற்கும், உள்ளே போய்த் தரையைத் துடைத்துக் காட்டினால் கான் விற்கும் என்றான். மூன்று தடவை மறுத்த பிறகுதான் வாடிக்கையாளர் உண்மையில் மறுக்கிறார் என்றான். காலை நேரத்தைச் சும்மா விடக்கூடாது என்றான். வடிவு எழுந்து, காலையில் லயத்தில் யார் இருப்பார்கள் என்று சேருக்குத் தெரியுமா என்று கேட்டாள். பழைய ஆட்களுக்குப் புது முறை பிடிக்காது என்று சிரித்து அவளை உட்காரவைத்தான். பக்கத்தில் இருந்த லோஜினியும் அன்றைக்குச் சிரித்தாள். இருபது வயது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமாகவில்லை.

அந்த லோஜினியைத்தான் அடுத்த செவ்வாய்க்கிழமை பொன்னையாவின் கடைக்குள், ஒரு காலில் மட்டும் செருப்போடு வடிவு கண்டாள். மேற்பிரிவுக்குப் போயிருக்கிறாள், காலை பதினொரு மணிக்கு. அது வடிவு வழக்கமாக விற்கும் லயம். பெக்டரியில் இரவு வேலை செய்கிற ஞானரட்ணம் முதல் வீட்டுக் கதவில் நின்றிருக்கிறான். உள்ளே வந்து துடைத்துக் காட்டு என்றிருக்கிறான். சேர் சொன்ன மாதிரியே அவள் உள்ளே போயிருக்கிறாள். அவன் கதவைச் சாத்தி, கையைப் பிடித்திருக்கிறான். கானை அவன் காலில் போட்டுவிட்டு, அடுப்படிக் குசினி வழியாகப் பின்கதவால் ஓடிவந்திருக்கிறாள்.

"வேற ஒண்ணும் பண்ணலக்கா," என்றாள் லோஜினி. "கத்துனேன். ஒரு கதவும் தெறக்கல."

திறக்கத் துணிகிற ஆள் அந்த நேரத்தில் அங்கே ஏது? வடிவு அங்கிருந்தே சுஜீவனுக்கு அழைப்பெடுத்தாள். அவன் முழுவதையும் கேட்டான். கேட்டுவிட்டு, "ஒண்ணும் நடக்கலதானே வடிவக்கா? அந்த லயம் நம்மளுக்கு நல்ல லயம். இத பெருசாக்கினா ஒரு வீடும் வாங்காது. புள்ளைய வேற ஏரியாவுக்கு மாத்திர்றேன்," என்றான்.

அவன் சொன்னதில் ஒன்று உண்மை. அதுதான் வடிவைக் கொதிக்கவைத்தது. அந்த வரிசை முழுவதும் அவளிடம்தான் வாங்கியது. ஆறு வருடத்துக்கு முன்னால், யாரென்றே தெரியாத அவளுக்கு முதல் போத்தலை நீட்டியவள் மார்கிரட். ஞானரட்ணத்தின் பெண்சாதி. மார்கிரட் வாங்கியதைப் பார்த்துத்தான் மற்ற வீடுகள் வாங்கின. அந்த வாசலில் நின்று அவள் புருஷனைப் பற்றிச் சொன்னால், கட்டிய பிழைப்பு அன்றோடு இடியும். சொல்லாமல் விட்டால் அடுத்த கம்பனிக்காரப் பிள்ளை ஒருத்தி அதே கதவைத் தட்டுவாள்.

லோஜினியை வீட்டில் கொண்டுபோய் விட்டபோது, பொலிசுக்குப் போவோமா என்று வடிவு கேட்டாள். லோஜினியின் தாய் காலைப் பிடிக்காத குறையாக வேண்டாமென்றாள். ஊர் வாய்க்குப் பயந்தாள். ஆனால் லயத்தில் சொல்லட்டுமா என்று கேட்டபோது லோஜினி தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொல்லுங்க. நானும் வாறேன். நான் பொய் சொல்றேன்னு சொன்னா என் மூஞ்சிய பாத்து சொல்லட்டும்."

மறுநாள் பின்னேரம் இருவரும் ஏறினார்கள். கான் கொண்டுபோகவில்லை. வடிவு மார்கிரட்டுக்குக் குரல் கொடுத்துவிட்டு முற்றத்திலேயே நின்றாள். மார்கிரட் தலைத்துண்டை அவிழ்த்தபடி வந்து, என்ன இன்னைக்கு வெறுங்கை என்று கேட்டாள்.

"விக்க வரல. நேத்து காலைல ஒங்க வீட்டுக்காரர் இந்தப் புள்ளைய உள்ள கூப்புட்டு கதவ சாத்தியிருக்காரு. கையப் புடிச்சிருக்காரு. ஓடி வந்துருச்சு. அத சொல்லத்தான் வந்தேன்."

கத்தவில்லை. போத்தல் விற்கும் அதே குரலில், அதைவிடக் கொஞ்சம் தணித்தே சொன்னாள். வரிசையில் பாத்திரச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

மார்கிரட்டின் முகம் கறுத்தது. "யாவாரத்துக்கு வந்தவ குடும்பத்த பிரிக்க வந்துட்டியா? உள்ள வந்தவள கேளு, எதுக்கு வந்தான்னு." கதவு அறைந்து சாத்தப்பட்டது. பிறகு பக்கத்துக் கதவு. அதற்கடுத்தது. ஒருத்தி மட்டும், இப்படிப் பச்சையாகப் பேசலாமா வடிவு என்றாள்.

"அவரு செஞ்சத சொன்னா பச்சையா?" என்றாள் வடிவு. அவளும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வாரமும் அதே நாளில், அதே நேரத்துக்குக் கான்களோடு போனாள். ஒவ்வொரு வாசலாகக் குரல் கொடுத்து, முற்றத்தில் நின்று, வேண்டாம் என்ற வார்த்தையைக் கேட்டு, சரிக்கா என்று சொல்லி நகர்ந்தாள். சிரிப்புத்தான் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் போனாள். தோட்டத்துப் பெண்களை அவர்கள் பயத்துக்காக வெறுக்க அவளால் முடியவில்லை. பயத்தை வைத்துக் கணக்குப் பார்த்த சுஜீவனைத்தான் வழியெல்லாம் மனதுக்குள் அறைந்துகொண்டே ஏறினாள்.

மூன்றாம் வாரம் சுஜீவனே வந்தான். கைநழுவிய லயத்தைச் சமாதானப்படுத்த, வீட்டுக்கு ஒரு போத்தல் இனாம். வடிவை வழிகாட்டக் கூப்பிட்டான். அவளும் போனாள், லோஜினியும் வந்தாள். தூறல் பிடித்திருந்தது. அவன் நேராக மார்கிரட்டின் இஸ்தோப்பில் ஏறி, கதவைத் தட்டினான். நடந்ததுக்குக் கம்பனி வருந்துகிறது, புதுப் பிள்ளை, அனுபவம் போதாது, தப்பாக நினைத்துக்கொண்டது என்று அடுக்கினான்.

மார்கிரட் அவன் நீட்டிய போத்தலை வாங்கவில்லை. "அனுபவம் இல்லாத புள்ள எதுக்கு வீட்டுக்குள்ள வந்துச்சு?"

"அது எங்க விற்பனை முறை அக்கா. உள்ள போய் செஞ்சு காட்டணும்னு நாங்கதான் சொல்லியிருக்கோம்."

"நீங்க சொல்லித்தான் வந்துச்சா?"

"ஆமா."

மார்கிரட் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். அவள் புருஷன் மூன்று வாரமாக அவளுக்குச் சொல்லிவந்த கதையில் அந்தப் பிள்ளை தானாக, வேறு எண்ணத்தோடு உள்ளே வந்தவள். இப்போது அந்தக் கதைக்கு நிற்க இடமில்லாமல் போனது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஆனால் ஞானரட்ணம் வெளியே வரவில்லை.

"இஸ்தோப்ப விட்டு எறங்குங்க," என்றாள் மார்கிரட்.

சுஜீவன் சிரிக்கப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரியும் வந்து நின்று, எறங்கச் சொல்றாங்கதானே என்றாள். அவன் இறங்கினான். நனைந்துகொண்டே, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்பதுபோல வடிவைப் பார்த்தான்.

"நம்ம லயம் நல்ல லயம்னு சொன்னீங்களே தம்பி," என்றாள் வடிவு. சேர் என்று சொல்ல வாய் வரவில்லை. "இவங்களுக்கு இனாம் வேணாம். காலைல ஆள் அனுப்ப மாட்டோம், வீட்டுக்குள்ள போகச் சொல்ல மாட்டோம், தனியா அனுப்ப மாட்டோம்னு சொல்லிட்டுப் போங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

சொன்னான். பாதி வாய்க்குள் முணுமுணுத்தபோது ஒருத்தி திரும்பச் சொல்லவைத்தாள்.

மார்கிரட் வடிவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. லோஜினியைப் பார்த்தபோது மட்டும் அவள் கண் தரைக்குப் போனது. பிறகு வடிவிடம், "எங்க வாசலுக்கு நீ இனி வராத. இந்த மனுசன் இருக்குற வாசலுக்கு ஒருத்தியும் வர வேணாம். பீலிக்கு வா. தண்ணிக்கு எல்லாரும் அங்கதானே வர்றோம்," என்றாள்.

அன்றிலிருந்து மேற்பிரிவு வியாபாரம் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பீலியடியில், தண்ணீர் கொட்டும் குழாய்க்குப் பக்கத்துச் சிமெந்துக் கட்டில் நடக்கிறது. எல்லா வீடும் திரும்பவில்லை. நாலைந்து பெண்கள் இன்னும் வடிவைக் கண்டால் குடத்தை வேகமாக நிரப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். வந்தவர்களுக்கு லோஜினி ஊற்றிக் கொடுக்கிறாள். மார்கிரட் கடைசியாக வருவாள், அதிகம் பேசமாட்டாள், போத்தலை நிரப்பிக்கொண்டு போவாள். வீட்டுக்குள் அவள் என்ன செய்தாள் என்று வடிவு கேட்கவில்லை.

ஞானரட்ணம் பெக்டரிக்குப் போகிற பாதை பீலியைத் தாண்டித்தான். முதல் தடவை அவன் அந்தப் பக்கம் வந்தபோது, ஊற்றிக்கொண்டிருந்த கானை வடிவு நிமிர்த்தி வைத்தாள். அவன் முகத்தை நேரே பார்த்தாள். லோஜினியும் பார்த்தாள். வரிசையில் நின்ற பெண்களும் ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவில் மார்கிரட்டும் நின்றாள்.  அவன் பாதையை விட்டு, தேயிலைக்குள் இறங்கிச் சுற்றிப் போனான். வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் அப்படித்தான் போகிறான். வடிவு இப்போதும் பார்க்கிறாள். பார்த்து முடிந்த பிறகுதான் அடுத்த போத்தலைக் கையில் வாங்குகிறாள்.