இருபத்தோரு சொல்லை வெட்டிய சுரேகா

சுரேகா பயந்து நான் அறிந்தது ஒரே ஒரு நாள்தான். அம்பத்தூர் எஸ்டேட் வாசல்களில் இருபது வருஷம் தொழிற்சங்க நோட்டீஸ் கொடுத்தவன் நான். அவள் அப்போது அங்கே ஒரு கம்பெனியில் பாகங்கள் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்தாள். நோட்டீஸை வாங்கிப் படித்துவிட்டு, "அண்ணே, ரெண்டாவது வரிக்கு மூச்சு வாங்குது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லுவாள். சொன்னது சரியாகவே இருக்கும். எனக்குக் கோபம் வரும். அடுத்த நோட்டீஸில் வரியை உடைப்பேன்.

கம்பெனி மூடிய பிறகு அவள் முகப்பேரில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்தாள். தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்பு உரைகளை அங்கே பேசிப் பதிவு செய்வார்கள். ஷிப்ட் தொடங்கும்போது ஒலிபெருக்கியில் ஓடும் உரைகள். உரை வாய்க்கும் காதுக்கும் ஏற்றதா என்று பார்ப்பது சுரேகாவின் வேலை.

அவள் கணினியில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் தாள் இருந்தது. உரையைப் போட்டால் வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துச் சொற்களை எண்ணும். பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால் சிவப்பு. அதோடு ஒவ்வொரு சொல்லையும் ஐயாயிரம் பழக்கச் சொற்கள் கொண்ட பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் இல்லாவிட்டால் மஞ்சள்.

முதலில் தாள் சொதப்பியது. பட்டியலில் 'கை' இருந்தது, 'கையை' இல்லை. அதனால் 'கையை' மஞ்சள் ஆனது. வேற்றுமை உருபை உரித்துவிட்டு ஒப்பிடும்படி திருத்தினாள். அடுத்த சிக்கல் பட்டியலிலேயே இருந்தது. அது செய்தித்தாள்களிலிருந்து எடுத்தது. 'முன்னெச்சரிக்கை' அதில் பழக்கச் சொல். காலால் மிதிக்கும் 'பெடல்', தகட்டை அழுத்தும் அச்சான 'டை' இரண்டும் அரிய சொல். தகடு அடிக்கும் பிரஸ் மெஷினை மிதிக்கிறவன் நாள் பூராவும் சொல்வது அந்த இரண்டையும்தான். சுரேகா மூன்று கேன்டீன்களில் உட்கார்ந்து, சாப்பிடுகிறவர்கள் பேசுவதைக் கேட்டு முந்நூறு சொற்களைச் சேர்த்தாள். சொல்லின் நீளத்தையும் பார்த்தாள். தமிழில் நாலு சொல்லிலேயே ஒரு முழ நீளத்துக்கு வாக்கியம் கட்டிவிடலாம், எண்ணிக்கை மட்டும் போதாது என்பாள்.

சென்ற வருஷம் ஒரு பிரஸ் ஷாப்பிலிருந்து உரை வந்தது. யாரோ பெரிய படிப்பு படித்தவர் எழுதியது. அதில் ஒரு வாக்கியம்:

"அச்சினுள் சிக்கிய துணுக்கினை அகற்ற முற்படுகையில், மின் இணைப்பினைத் துண்டித்து, சுழற்சக்கரத்தின் இயக்கம் முழுமையாக ஓய்வுற்றதை உறுதிசெய்து, தாங்குகட்டையினைப் பொருத்திய பின்னரே, இடுக்கியினைக் கொண்டு அதனை வெளியேற்றுதல் வேண்டும்."

இருபத்தோரு சொல். சிவப்பு. பாதிச் சொற்கள் மஞ்சள். சுரேகா அதை இப்படி உடைத்தாள்:

"டையில் துண்டு மாட்டினால் இடுக்கியால் எடுங்கள். அதற்கு முன் கரண்டை நிறுத்துங்கள். சக்கரம் நின்றதா என்று பாருங்கள். கட்டையை வையுங்கள்."

எந்த வாக்கியமும் ஐந்து சொல்லைத் தாண்டவில்லை. ஒரு மஞ்சளும் இல்லை. தாள் முழுக்கப் பச்சை. பதிவு செய்து வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டார்கள். திங்கள் காலை ஷிப்டில் போடுவதாகப் பேச்சு.

சனிக்கிழமை மதியம் கோவில்பதாகையில் அவள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் வேலைக்குப் போகுமுன் தன் வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்தாள். அதே பிரஸ் ஷாப்பில் ஒப்பந்த வேலை, இரண்டாவது ஷிப்ட், சேர்ந்து ஒரு வாரம். சுரேகா பெருமையாக அலைபேசியில் உரையைப் போட்டுக் காட்டினாள். இன்னா புரிஞ்சுது, திருப்பிச் சொல்லுக்கா என்றாள்.

கன்னியம்மாள் சொல்லவில்லை, செய்து காட்டினாள். சாப்பாட்டு மேசையை மெஷினாக நினைத்துக்கொண்டாள். "துண்டு மாட்டிக்கிச்சா, இடுக்கியால எடுக்கணும்." கை நேராக உள்ளே போனது. "அப்பால கரண்ட நிறுத்தணும். சக்கரம் நின்னுச்சான்னு பாக்கணும்."

"அப்பாலயா? அதுக்கு முன்னாடின்னு சொல்லுதே, கேக்கலியா?"

"அங்க இருக்கிற சத்தத்துல மொதல் வார்த்த வுழுந்தா அதான் கணக்கு. கை அதத்தான் செய்யும்."

சுரேகா உரையை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். பழைய வாக்கியம் புரியாது, ஆனால் அதில் வரிசை சரி. கரண்ட் முதலில், கை கடைசியில். அவள் வெட்டிய வேகத்தில் கையை முன்னால் தள்ளிவிட்டாள். தாளுக்கு நீளம் தெரியும், சொல் தெரியும். எது முன், எது பின் என்று அதற்குத் தெரியாது. கேட்கிறவனால் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவும் முடியாது.

"திங்கக்கெழமதான போடுவாங்க" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

கன்னியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே, ஆய்வுக்கு ஆள் வருகிறார்களாம், இன்றைக்கே நம்ம ஷிப்டில் போடப்போகிறார்கள் என்றாள்.

மணி ஒன்றே முக்கால். ஷிப்ட் இரண்டரைக்கு. பிரஸ் ஷாப் மேலாளர் ராஜசேகரனுக்கு அழைத்தாள். மணி அடித்து நின்றது. மறுபடி அழைத்தாள். போனை அணைத்து வைத்திருந்தார். கன்னியம்மாளை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். திருமுல்லைவாயலில் ஒரு டிரெய்லர் திரும்ப முடியாமல் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. அங்கே நின்ற இருபது நிமிஷத்தில்தான் எனக்கு அழைத்தாள். அவள் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த பிரஸ் ஷாப்பில் யாரையாவது தெரியுமா அண்ணே என்றாள். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் எப்போதோ வெளியே வந்துவிட்டார்கள். சொன்னேன். அவள் வைத்துவிட்டாள்.

வாசலுக்குப் போனபோது மணி இரண்டு ஐம்பது. உரை ஓடி முடிந்திருந்தது. காவலாளி சுரேகாவை நிறுத்திவிட்டார். கன்னியம்மாளிடம் அடையாள அட்டை இருந்தது. அவள் நிற்காமல் உள்ளே ஓடினாள். சுரேகா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிரஸ் அடிக்கும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அடுத்து ஒரு அலறல் வரும் என்று காத்திருந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள். எழுபதுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போனதாம்.

உள்ளே நடந்ததைக் கன்னியம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐந்தாவது மெஷினில் வேம்புலி குனிந்து நின்றிருந்தான். பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். டையில் ஒரு துண்டு மாட்டியிருந்தது. இடுக்கி உள்ளே போயிருந்தது, விரல்களும் பாதி உள்ளே. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் கால் பெடலுக்கு ஒரு விரற்கடை தள்ளி. கால் வழுக்கினால் மேல்பாகம் இறங்கிவிடும். கத்தினால் திடுக்கிட்டு மிதித்துவிடுவான் என்று கன்னியம்மாள் கத்தவில்லை. பின்னால் போய் இரண்டு கையாலும் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தாள்.

வேம்புலி எழுந்து கெட்ட வார்த்தையில் திட்டினான். பிறகு, "ஸ்பீக்கர்ல இடுக்கில எடுன்னு சொன்னாங்களே, அதத்தான செஞ்சேன்" என்றான்.

கன்னியம்மாள் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னாள். ராஜசேகரன் மாட்டேன் என்றார். ஆய்வாளர்கள் மூன்றரைக்கு வருகிறார்கள், எழுத்து மூலம் கொடுங்கள் என்றார். கன்னியம்மாள் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டாள். சக்கரங்கள் உடனே நிற்கவில்லை. தானாகச் சுற்றி அடங்க நேரம் எடுத்தது. பிறகுதான் சுரேகாவை உள்ளே விட்டார்கள். ஒலிபெருக்கி இல்லாமல், காகிதமும் இல்லாமல், ஒவ்வொரு மெஷினாகப் போய்ச் சொன்னாள்:

"துண்டு மாட்டிக்கிச்சா, கைய எடு. கரண்ட நிறுத்து. சக்கரம் நிக்கிற வரைக்கும் நில்லு. கட்டைய வை. அப்பால இடுக்கி."

கன்னியம்மாளுக்கு மூன்று நாள் வேலை இல்லை என்று சீட்டு கொடுத்தார்கள். சுரேகா திங்கள்கிழமை உரையை மறுபடி எழுதினாள், ஒவ்வொரு வரியிலும் ஒரே வேலை, கை செய்யும் வரிசையில். தாள் பச்சை காட்டியது. அவள் அதை நம்பவில்லை. கன்னியம்மாளைக் கூப்பிட்டு மேசை முன்னால் நிறுத்தி, ஷாப் சத்தத்துக்குப் பதிலாக மிக்ஸியை ஓடவிட்டு, உரையைப் போட்டாள்.

இன்றும் எந்த உரையும் அந்த மேசையைத் தாண்டித்தான் வெளியே போகிறது. மேசையின் மேல் யாராவது கையை நீட்டும்போது சுரேகா அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.